கண் முகாம் உடன்படிக்கையில் கையொப்பமிடாதவர்

புத்தளத்திலிருந்து சிலாபம் நோக்கிப் போகும் வீதியில் இருக்கிறது மதுரங்குளி. கரையோர ஊர், களப்பும் தென்னையும் மீனும் உப்பும் சேர்ந்த பிழைப்பு. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்கிறார்கள். இத்தகைய ஊரில் ஒரு பள்ளிவாசலோ கோயிலோ தேவாலயமோ இலவசக் கண் முகாம் நடத்த எண்ணி ஒரு வைத்தியசாலையை அணுகினால், இரு தரப்புக்கும் இடையில் ஒரு கடிதம் எழுதப்படும். அது பெரும்பாலும் ஒரே பக்கம்தான். திகதி, இடம், எத்தனை வைத்தியர்கள் வருவார்கள், அவர்களுக்குச் சாப்பாடு யார் தருவது என்பவற்றோடு அது முடிந்துவிடும்.

அந்தக் கடிதம் எதற்கு விடை சொல்லவேண்டும் என்பது பழைய கேள்வி. வழிபாட்டுத் தலத்தின் அழைப்பை நம்பி ஒருவர் வருகிறார். கண்புரை என்று கண்டு அவரை அழைத்துச்சென்று சத்திரசிகிச்சை செய்கிறார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஐந்தாம் நாள் இரவு அந்தக் கண் சிவந்து வலித்தால் பொறுப்பு யாருடையது? அழைத்தவர்களுடையதா, கத்தி வைத்தவர்களுடையதா, அனுமதித்த அரசினுடையதா? கடந்த எண்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு மூன்று நான்கு விதமான விடைகள் நடைமுறையில் இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்துச் சத்திரசிகிச்சை முறையிலிருந்து பிறந்தது. முறை மாறிய பிறகும் பழைய விடையே கடிதங்களில் தங்கிவிட்டது என்பதுதான் இங்கே ஆராயத்தக்கது.

ஒரே கூரையின் கீழ்

முதல் விடை, எழுத்தே தேவையில்லை என்பது. 1940களிலிருந்து இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று கண் சத்திரசிகிச்சை செய்த டொக்டர் எம். சி. மோடி இந்த மரபின் பெரும் உருவம். ஒரே நாளில் 833 கண்புரைச் சத்திரசிகிச்சைகள் செய்தவர் என்று கின்னஸ் ஏடு அவரைப் பதிவுசெய்திருக்கிறது. அக்கால முகாம் என்றால் சத்திரசிகிச்சையும் அந்த இடத்திலேயேதான். பாடசாலைக் கட்டடமோ சத்திரமோ சில நாட்களுக்கு வைத்தியசாலை ஆகிவிடும்.

அந்த முறையில் புரை படிந்த வில்லையை முழுதாக வெளியே எடுத்துவிடுவார்கள். செயற்கை வில்லை வைப்பதில்லை. பின்னர் தடித்த கண்ணாடிதான். காயம் பெரிது, ஆறுவதற்கு நாளாகும். ஆகவே நோயாளி பல நாட்கள் அசையாமல் முகாமிலேயே கிடப்பார். பாய் விரிப்பது, கஞ்சி ஊட்டுவது, இரவில் விழித்திருப்பது எல்லாம் ஊராரின் வேலை. வைத்தியரும் நோயாளியும் ஏற்பாட்டாளரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால், வலிக்கிறது என்று ஒருவர் முனகினால் மூவருக்கும் கேட்டது. அந்தச் சூழலில் வாய்ச்சொல்லே கடிதமாக நின்றதில் ஒரு நியாயம் உண்டு.

அதன் பலவீனத்தை 1986இல் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜா நகரம் காட்டியது. ஒரு சேவைக் கழகம் நடத்திய முகாமில் 108 பேருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அவர்களில் 88 பேருக்குக் கண்புரை. 84 பேரின் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட கண்கள் தொற்றினால் மீளாதபடி கெட்டுப்போயின. கண்ணைக் கழுவப் பயன்படுத்திய உப்புக் கரைசலில் ஐயம் விழுந்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ஏற்கெனவே இடைக்கால உதவியாகக் கொடுக்கப்பட்ட 5,000 ரூபாவுக்கு மேல், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 12,500 ரூபா கொடுக்குமாறு 1989இல் மாநில அரசுக்கு அது கட்டளையிட்டது.

இங்கே கவனிக்கவேண்டியது பணம் கொடுத்தவர் யார் என்பது. அழைத்த கழகமோ சத்திரசிகிச்சை செய்தவர்களோ அந்தத் தொகையைக் கொடுக்கவில்லை, அரசு கொடுத்தது. அதுவும் மூன்று ஆண்டுகள் கழித்து. நல்லெண்ணத்தின்மேல் மட்டும் நிற்கும் ஏற்பாட்டில், கேடு நேர்ந்த மறுநாள் காலையில் யார் என்ன செய்யவேண்டும் என்பது எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.

மதுரையின் பிரிப்பு

இரண்டாவது விடை தமிழ்நாட்டிலிருந்து வந்தது. டொக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாமை இரண்டாக வெட்டியது. கண்டறிதல் ஊரில், சத்திரசிகிச்சை வைத்தியசாலையில். இந்த மாற்றத்தைத் தள்ளியதில் உள்விழி வில்லைக்குப் பெரும் பங்குண்டு. செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்த நுண்நோக்கியும் கிருமி நீக்கிய அறையும் வேண்டும். சத்திரத்தில் அது முடியாது. 1992இல் அரவிந்த் தன் சொந்தத் தொழிற்சாலையான ஆரோலாப் மூலம் வில்லையை மலிவாகச் செய்யத் தொடங்கியதும் ஏழைக்கும் வில்லை கிடைத்தது.

இதனுடன் ஒரு தெளிவான கடமைப் பிரிப்பும் வந்தது. அங்கே அழைப்பவருக்கு ‘ஸ்பான்சர்’ என்று பெயர். அது கோயிலாக இருக்கலாம், வங்கியாக இருக்கலாம், ஒரு குடும்பமாகவும் இருக்கலாம். இடம், விளம்பரம், தொண்டர்கள், குழுவினருக்குச் சாப்பாடு என்பவை அவர் பொறுப்பு. வைத்தியர்கள், கருவிகள், சத்திரசிகிச்சை, வில்லை, வைத்தியசாலையில் தங்கும் இடம் என்பவை வைத்தியசாலையின் பொறுப்பு. இன்று இலங்கையிலும் இந்தியாவிலும் எழுதப்படும் முகாம் கடிதங்களில் பெரும்பாலானவை இந்தப் பிரிப்பின் நிழல்கள் என்றே கொள்ளலாம்.

இதன் எல்லைகளும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. சத்திரசிகிச்சையை இலவசமாக்குவது மட்டும் ஆட்களை வரவழைப்பதில்லை, பயணமும் சாப்பாடும் சேர்ந்து இலவசமானால்தான் கூடுதலானோர் வருகிறார்கள் என்று தென்னிந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு 1991இல் எழுதியது. முகாம் நடந்த கிராமங்களிலேயே கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று 1999இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. தனியே நடக்க முடியாத முதியவர்கள், துணைக்கு ஆளில்லாத பெண்கள், பார்வை போனது வயதின் விதி என்று எண்ணியவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். 2004இலிருந்து அரவிந்த் ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்ததற்கு இந்தக் கண்டறிவு ஒரு காரணம். முகாமே வேண்டாம், நிலையான மையம் போதும் என்னும் மூன்றாவது தரப்பும் இங்கிருந்துதான் வலுப்பெற்றது. அவர்கள் வாதம் வலுவானதுதான். ஆனால் மையம் இல்லாத ஊருக்கு அது இன்றைக்கு விடை தருவதில்லை.

நான் இதைவிடப் பெரிதாகக் கருதும் பலவீனம் ஒன்று உண்டு. அது வெற்றியின் உள்ளேயே இருக்கிறது. புதிய முறையில் காயம் சிறியது. நோயாளி மறுநாளே வீடு திரும்புகிறார். ஆனால் கண்ணுக்குள் கிருமி சேர்ந்து சீழ்ப்பிடிக்கும் ஆபத்து, நேருமானால், பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் தலைகாட்டும். முன்பு ஊராரும் வைத்தியரும் ஒரே கூரையின் கீழ் காத்த அந்த வாரம் இப்போது ஒரு வீட்டின் பின்னறைக்குப் போய்விட்டது. கடமைகளைப் பிரித்த கடிதமோ முகாம் நாளோடு நின்றுவிடுகிறது.

இடத்தை மாற்றினால் போதுமா?

சத்திரசிகிச்சை வைத்தியசாலைக்குள் நடந்தால் ஆபத்து தீர்ந்தது என்பது பரவலான நம்பிக்கை. 2008 ஜூலையில் விழுப்புரம் மாவட்டத்து ஊர்க்காரர்கள் பெரம்பலூரில் ஒரு கண் மருத்துவமனைக்குள்ளேயே இலவசச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்கள். 66 பேர் பார்வை இழந்தார்கள். 2014 நவம்பரில் பஞ்சாபின் கூமானில் நடந்த முகாமிலும் பலரின் கண்கள் போயின. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமலே அது நடந்தது என்று பின்னர் தெரிந்தது. இந்த நிகழ்வுகளின் பின் இந்தியாவில் முன்கூட்டிய அனுமதி, நிலையான சத்திரசிகிச்சைக் கூடம் என்னும் விதிகள் இறுகின. இதுதான் நான்காவது விடை: பொறுப்பை அரசின் அனுமதிச் சீட்டில் கட்டுவது.

இலங்கைக்கும் ஒரு பாடம் உண்டு. 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் சொட்டு மருந்து இட்டுக்கொண்ட நோயாளர் சிலரின் கண்கள் பாதிக்கப்பட்டன. இறக்குமதியான அந்தச் சொட்டு மருந்தே காரணம் என்று கண்டு அது பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. இது முகாமில் நடந்ததல்ல. அரச வைத்தியசாலையில் நடந்தது. அனுமதியும் கூடமும் வைத்தியரும் சரியாக இருந்தும், வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒரு சிறு குப்பியில் கேடு இருக்கலாம். எந்தத் தொகுதிக் குப்பி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவு இருந்தால் அன்றே மற்றவர்களின் கையிலிருந்து அதை வாங்கிவிடலாம். நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஊரில் அந்தக் குப்பிகளை வீடுவீடாகத் தேடி எடுக்கக்கூடியவர்கள் பள்ளிவாசல்காரர்களும் கோயில்காரர்களும்தான். இந்தக் கடமை எந்தக் கடிதத்திலும் இருக்கவேண்டிய ஒன்று.

“ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல”

சில கடிதங்களின் கடைசி வரியாக இது வரும். வைத்தியசாலையும் பதிலுக்குத் தன் பங்குக்கு ஒரு விலக்கு வரியைச் சேர்க்கும். அச்சத்தில் பிறக்கும் வரி, அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அதன் பயன் மிகச் சிறிது. இலங்கையின் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை ஓர் ஒப்பந்த வரியால் தொழில் நிறுவனம் தட்டிக்கழிக்க இடந்தருவதில்லை. கட்டணம் வாங்காத வழிபாட்டுத் தலத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வாதத்துக்குரியது. அதைவிட எளிய ஒரு காரணமும் உண்டு: நோயாளி அந்தக் கடிதத்தில் கையொப்பமிடவே இல்லை. இருவர் தமக்குள் எழுதிக்கொண்ட விலக்கு மூன்றாமவரின் உரிமையை எப்படி அழிக்கும்?

மறுபுறம், இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் மூன்றாமவரின் நன்மைக்காக இருவர் ஒப்பந்தம் செய்வதை ஏற்கிறது; அவர் அதை ஏற்றுக்கொண்டால் அதன்படி கேட்கவும் முடியும். ஆகவே, பொறுப்பை விலக்கும் வரியை எழுதச் செலவிடும் மையை, நோயாளிக்கு ஒரு உரிமையை எழுதச் செலவிட்டால் பயன் அதிகம்.

மதுரங்குளிக்கு ஒரு வரைவு

ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். மதுரங்குளிப் பகுதியில் ஒரு ஜும்ஆப் பள்ளிவாசல், கொழும்பிலுள்ள ஒரு தனியார் கண் வைத்தியசாலையோடு முகாம் நடத்துகிறது. 250 பேர் வருவார்கள், அவர்களில் 30 பேருக்குச் சத்திரசிகிச்சை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கையொப்பம். பள்ளிவாசல் சார்பில் ஒப்பமிடுவோர் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்ஃபுச் சட்டத்தின்கீழ் நியமனம் பெற்ற நம்பிக்கையாளர்களாக இருக்கவேண்டும். அவர்களின் நியமனக் காலம் அன்றைக்கு நடப்பில் இருக்கவேண்டும். கடமை சபைக்குரியது என்று எழுதினால், இடையில் சபை மாறினாலும் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய ஐந்தாம் வாரப் பரிசோதனை அநாதையாகாது. தேவாலயமாயின் பங்குத்தந்தை மறைமாவட்டத்தின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. தனியார் வைத்தியசாலை 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்றதற்கான சான்றையும், சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்களின் மருத்துவ சபைப் பதிவு எண்களையும் கடிதத்தோடு இணைக்கவேண்டும். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் பிரதி போகவேண்டும். அரச வைத்தியசாலையோடு நடத்துவதாயின் யார் ஒப்பமிட அதிகாரமுள்ளவர் என்பதை முதலில் இவர்களிடமே கேட்கலாம்.

அடுத்தது இடம். பார்வைப் பலகைக்கும் நோயாளிக்கும் இடையில் 6 மீற்றர் வேண்டும். வைத்தியர் கண்ணின் உள்ளே பார்க்க ஓர் இருட்டறை வேண்டும். தொழுகை மண்டபத்தைவிட மதரஸாக் கட்டடமோ அருகிலுள்ள பாடசாலையோ பொருத்தம்: தொழுகை நேரத்தில் வரிசை கலையாது, பெண்கள் எந்த நாளிலும் தயங்காமல் வரலாம், கோயிலுக்கும் விகாரைக்கும் போகிறவர்களும் தங்களுக்குரிய இடமாக உணர்வார்கள். “மதம், மொழி பாராது யாவரும் அனுமதிக்கப்படுவர்” என்ற வரி அழைப்பிதழில் மட்டும் இருந்தால் போதாது. அறிவித்தல் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்படும் என்ற கடமையாக உடன்படிக்கையில் இருக்கவேண்டும். ரமழான் மாதத்தைத் தவிர்க்கலாம். நோன்போடு கண்ணில் சொட்டு மருந்து இடப் பலர் தயங்குவார்கள்.

முகாம் நாளில் வைத்தியசாலை செய்யவேண்டியவை: பார்வை அளத்தல், கண் அழுத்தம் பார்த்தல், கண்ணீர்க் குழாய் சுத்தமா என்று சோதித்தல், இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்தல், இறுதியில் வைத்தியரின் முடிவு. கண்மணியை விரிக்கும் மருந்து இட்டவர்களுக்குச் சில மணி நேரம் பார்வை மங்கும். மோட்டார் சைக்கிளில் தனியே வந்தவரை அப்படியே அனுப்பக்கூடாது. துணையோ வாகனமோ தருவது பள்ளிவாசலின் கடமை. 30 என்பது உச்சவரம்பானால் 31ஆவது ஆளுக்கு என்ன வழி என்பதும் எழுதப்படவேண்டும். புரையல்லாத நோய்கள் வேறு கதை. கண் அழுத்த நோய்க்கு ஆயுள் முழுதும் மருந்து வேண்டும்; நீரிழிவால் விழித்திரை கெட்டவருக்கும் தொடர் சிகிச்சை வேண்டும். ஒருநாள் முகாம் இவர்களுக்குச் செய்யக்கூடியது, எந்த அரச கிளினிக்குக்கு எந்த நாளில் போவது என்று பெயரோடு எழுதிய ஒரு துண்டுதான். அந்தத் துண்டைத் தருவதையாவது கட்டாயமாக்கவேண்டும்.

கடிதத்தின் பாதியையேனும் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய ஐந்து வாரங்களுக்கு ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. மறுநாள் பரிசோதனை வைத்தியசாலையிலேயே நடந்துவிடும். வழுக்கும் இடம் ஏழாம் நாள். நன்றாகத் தெரிகிறது என்பவர் மீண்டும் நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போகமாட்டார். ஆகவே அன்று வைத்தியசாலையின் குழு மதுரங்குளிக்கு வருவதாகவோ, பள்ளிவாசல் வான் பிடித்து முப்பது பேரையும் கொண்டுபோவதாகவோ ஒன்றைத் தெரிவுசெய்து, செலவு யாருடையது என்று எழுதவேண்டும். ஐந்தாம் வாரம் கண்ணாடிக்கான அளவு எடுப்பது முகாம் நடந்த அதே இடத்தில் நடக்கலாம்.

இடைப்பட்ட நாட்களுக்கு ஒரு வரி வேண்டும். அதை இப்படி எழுதலாம்: “சத்திரசிகிச்சை செய்யப்பட்ட கண்ணில் வலி, சிவப்பு, பார்வை குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நோயாளி இரவு பகல் எந்நேரமும் இந்த இலக்கத்தை அழைக்கலாம். வைத்தியசாலையின் கண் வைத்தியர் ஒருவர் பதில் சொல்வார். அழைத்துவரச் சொன்னால் பள்ளிவாசல் உடனே வாகனம் தரும். இதன் சிகிச்சைச் செலவு முழுவதும் வைத்தியசாலையைச் சேரும்.” கண்ணுக்குள் தொற்று என்றால் நாட்களல்ல, மணி நேரங்கள்தான் கணக்கு. ஆகவே முதலில் புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ கொண்டுபோகவேண்டி வரலாம். அங்குள்ள வைத்தியருக்கு உதவ, என்ன சத்திரசிகிச்சை, எந்த வில்லை, எந்தத் தொகுதிச் சொட்டு மருந்து என்று எழுதிய அட்டை ஒவ்வொருவர் கையிலும் இருக்கவேண்டும்.

இந்த வாரங்களில் வைத்தியசாலையால் செய்ய முடியாத ஒரு வேலை மௌலவிக்கு இருக்கிறது. கண்ணில் தண்ணீர் படாதிருக்கவேண்டிய நாட்களில் வுழூ எப்படி, குனியவேண்டாம் என்று வைத்தியர் சொன்னால் ஸுஜூது எப்படி என்று முதியவர் கேட்பார். தாதி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டில் வழமைபோல் முகம் கழுவுவார். சலுகை உண்டு என்று மௌலவி நேரில் சொன்னால்தான் மனம் அமைதியாகும். வைத்தியரின் அறிவுறுத்தலை மௌலவி முன்கூட்டியே அறிந்துகொண்டு, பஸ் புறப்படுமுன் முப்பது பேருக்கும் விளக்குவார் என்பதை வழிபாட்டுத் தலத்தின் கடமையாக எழுதுவது வெறும் மரியாதைக்காக அல்ல. கண்ணைக் காக்கும் ஏற்பாடு அது.

இன்னும் இரண்டு செய்திகள். ‘இலவசம்’ என்ற சொல் எதை அடக்குகிறது என்று விரித்து எழுதவேண்டும்: பரிசோதனை மட்டுமா, வில்லையும் மருந்துமா, வாசிப்புக் கண்ணாடியுமா? கண்ணாடி விற்கப்படுமானால் விலை முன்பே சொல்லப்படவேண்டும். பரிசோதனையை இலவசமாக்கிச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் கேட்கும் முகாமை இலவச முகாம் என்று குத்பாவுக்குப் பின் அறிவிக்கக்கூடாது. நோயாளியின் படமும் அவர் சொத்து. கண்ணில் கட்டோடு வரிசையாக நிற்கும் முதியவர்களின் படம் முகநூலில் ஏறுவது வழக்கமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரியதாக வகுக்கிறது. சத்திரசிகிச்சைக்கான சம்மதப் படிவமும் படத்துக்கான சம்மதமும் வேறு வேறாக, நோயாளி வாசிக்கும் மொழியில் இருக்கவேண்டும்.

தீராதவை

முகாம் நன்றாக முடிந்தது என்பதை எதைக்கொண்டு சொல்வது என்பதில் இன்னும் உடன்பாடில்லை. பழைய அளவு எண்ணிக்கை: இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேருக்குச் சத்திரசிகிச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் வேறு. கையிலிருக்கும் கண்ணாடியோடு நூற்றுக்கு 80 பேராவது 6/18 அல்லது அதைவிட நல்ல பார்வை பெறவேண்டும்; 6/60ஐவிடக் குறைந்து போனவர்கள் 5 பேருக்கு உள்ளே இருக்கவேண்டும். நம் முப்பது பேரில் அது 24 பேருக்கு நல்ல பார்வை, மோசமான விளைவு ஒருவருக்கு மேல் இல்லை என்றாகும். ஆனால் முப்பது பேர் சிறிய தொகை. முன்பே விழித்திரை கெட்டிருந்த இருவரால்கூடக் கணக்கு மாறும். ஒரு முகாமை வைத்து ஒரு வைத்தியசாலையை எடைபோட முடியாது. இருந்தும் ஐந்தாம் வாரப் பார்வை அளவுகளைப் பெயரின்றி ஏற்பாட்டாளருக்குத் தருமாறு கேட்பது நியாயமானதே. அதைத் தர மறுக்கும் வைத்தியசாலையை அடுத்த ஆண்டு அழைப்பதா என்று சபை தீர்மானித்துக்கொள்ளலாம்.

கடினமான கேள்வி இன்னொன்று. கடிதம் நீள நீள, சிறிய கோயிலும் சிறிய பள்ளிவாசலும் முகாம் நடத்தவே அஞ்சலாம். இரவு வாகனமும் ஐந்து வாரத் தொடர்பும் எங்களால் இயலாது என்று பின்வாங்கினால், அந்த ஊரின் புரை படிந்த கண்கள் இன்னும் ஓர் ஆண்டு அப்படியே இருக்கும். எந்த வரிகளை விட்டுக்கொடுக்கலாம் என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். மேடை, பதாகை, பகல் விருந்து பற்றிய வரிகளை விடலாம் என்பேன். இரவில் எடுக்கப்படும் தொலைபேசி, ஏழாம் நாள் பரிசோதனை, கையிலிருக்கும் அட்டை ஆகிய மூன்றையும் தர இயலாத முகாம், அந்த ஆண்டுக்குக் கண்டறிதலோடும் கண்ணாடியோடும் நின்றுகொண்டு, சத்திரசிகிச்சைக்குரியவர்களை அரச வைத்தியசாலைக்கு அனுப்பலாம். அங்கே அவர்கள் எத்தனை மாதம் காத்திருக்கவேண்டி வரும், அதற்குள் எத்தனை பேர் மனம் மாறிவிடுவார்கள் என்பது, இந்த விடையை முழு மனத்தோடு சொல்லவிடாமல் தடுக்கிறது.